முடிக்குச் சாப்பிடும் மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டை மாற்றுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 36. காரிமங்கலம் பக்கம். தைராய்டு குறைவுக்காக ஆறு வருஷமாக 100 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு தருமபுரியில் டெஸ்ட் எடுத்ததில் டிஎஸ்எச் 0.15, ஃப்ரீ டி4 2.9 என்று வந்தது. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று 50 ஆகக் குறைத்தார்கள். ஏழு வாரம் கழித்து அதே லேபில் டிஎஸ்எச் 0.62, டி4 1.9. சரியாகி வருகிறது, 50-ஐயே தொடருங்கள் என்றார்கள். ஆனால் எனக்கு ஒரே அசதி, மலச்சிக்கல். 61 கிலோ இருந்தவள் மூன்று கிலோ கூடிவிட்டேன். முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. போன வாரம் திருவிழாவுக்காகக் கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கினேன். தைராய்டு மாத்திரையை மட்டும்தான் எடுத்துப் போனேன். அக்கா கட்டாயப்படுத்தியதால் கடைசி நாள் அங்கே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் 14.6, டி4 0.8 என்று வந்திருக்கிறது. எந்த லேப் தப்பு? மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா? (முடி கொட்டுவதற்காக ஐந்து மாதமாகத் தினமும் காலையில் 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் ஒதுக்கிவைத்த அந்தக் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. தருமபுரி ரிப்போர்ட் இரண்டையும் கெடுத்தது அந்தப் பயோட்டின் மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிருஷ்ணகிரியில் வந்ததுதான் உங்கள் உடம்பின் உண்மையான நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தைராய்டு மாத்திரையை இதற்குமேல் குறைக்கவே வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம்.

இப்படி உறுதியாகச் சொல்லக் காரணம் உங்கள் உடம்பும் உங்கள் எடையும்தான். தைராய்டு சுரப்பி அனேகமாக வேலையே செய்யாத ஒருவருக்குக்கூட முழு அளவு மாத்திரை என்பது ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். 61 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 98 வருகிறது. நீங்கள் சாப்பிட்டது 100. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிற அளவு அது. ஆறு வருஷம் ஒத்துப்போன அந்த அளவு, ஒரு நாள் திடீரென்று டி4 என்ற தைராய்டு ஹார்மோனை 2.9-க்குக் கொண்டுபோகாது. சாதாரணமாக அது 0.9-இலிருந்து 1.7 வரைக்குள் இருக்கும். நிஜமாகவே 2.9 இருந்திருந்தால் நெஞ்சு படபடத்திருக்கும், கை நடுங்கியிருக்கும், வியர்த்துக் கொட்டியிருக்கும், சாப்பிட்டும் எடை குறைந்திருக்கும். அப்படி ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை.

உங்கள் டாக்டர்மேல் கோபப்படாதீர்கள். டிஎஸ்எச் என்பது மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு ஹார்மோன் கூடினால் கட்டளை குறையும், ஹார்மோன் குறைந்தால் கட்டளை கூடும். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். உங்கள் முதல் ரிப்போர்ட்டில் டி4 ஏறியிருந்தது, டிஎஸ்எச் இறங்கியிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வராது. பயோட்டினால் வருகிற தவறு இவ்வளவு ஆபத்தானதாக இருப்பது இதனால்தான். ஒரு எண் மட்டும் தப்பாக வந்தால் ‘என்னடா இது’ என்று திரும்பப் பார்ப்போம். இது இரண்டு எண்ணையும் எதிரெதிர் திசையில் தள்ளி, பாடப்புத்தகத்தில் இருப்பது போன்ற ஒரு நோயைக் காகிதத்தில் வரைந்து கொடுத்துவிடுகிறது.

எப்படி இரண்டும் எதிரெதிராகப் போகின்றன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

பயோட்டின் என்பது பி7 விட்டமின். அதற்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற ஒரு புரதத்துக்கும் அப்படியொரு ஈர்ப்பு. ஒருமுறை ஒட்டினால் லேசில் பிரியாது. (பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடினும் இதே மாதிரிதான். மாதக்கணக்கில் பச்சை முட்டை குடிப்பவர்களுக்குப் பயோட்டின் குறைபாடு வருவது அதனால்தான்.) இந்த ஒட்டுதல் வலுவானது என்பதால், ஹார்மோன் அளக்கும் மெஷின்கள் பலவற்றில் இதையே கொக்கி மாதிரி பயன்படுத்துகிறார்கள்.

டிஎஸ்எச் அளக்கும்போது உங்கள் ரத்தத்தில் இரண்டு வகை ஆன்டிபாடிகளைக் கலக்கிறார்கள். இரண்டும் டிஎஸ்எச்சை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் முதுகில் பயோட்டின் ஒட்டியிருக்கும். மற்றதில் ஒளி தரும் பொருள் இருக்கும். அப்புறம் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய நுண்ணிய காந்த மணிகளைச் சேர்க்கிறார்கள். பயோட்டின் போய் மணியில் ஒட்டும். அதோடு டிஎஸ்எச்சும் ஒளிப்பொருளும் சேர்ந்தே வரும். மணிகளைக் காந்தத்தால் பிடித்து நிறுத்திவிட்டு மீதியைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். மிச்சம் இருக்கும் ஒளி எவ்வளவோ, அவ்வளவு டிஎஸ்எச் என்று மெஷின் கணக்குப் போடுகிறது.

இப்போது நீங்கள் காலையில் 10 மில்லிகிராம் பயோட்டின் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு எல்லா சீட்டையும் யாரோ பிடித்துவிடுவது போல, உங்கள் ரத்தத்தில் இருக்கும் பயோட்டின் அந்த மணிகளின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. டிஎஸ்எச்சைத் தூக்கிக்கொண்டு வரும் ஆன்டிபாடிக்கு இடமில்லை. கழுவும்போது அது வெளியே போய்விடுகிறது. ஒளி குறைவு, ஆகவே டிஎஸ்எச் குறைவு என்று மெஷின் எழுதுகிறது. ரத்தத்தில் டிஎஸ்எச் என்னவோ இருக்கத்தான் செய்கிறது.

ஃப்ரீ டி4 மிகச் சிறிய மூலக்கூறு. இரண்டு ஆன்டிபாடி ஒரே நேரத்தில் பிடிக்க அதில் இடமில்லை. அதனால் அங்கே போட்டி வைக்கிறார்கள். ஒளிப்பொருள் ஒட்டிய ஆன்டிபாடியில் உங்கள் டி4 முதலில் உட்காரும். உங்கள் டி4 உட்காராத காலி இடங்களில் மட்டும், பயோட்டின் ஒட்டிய வேறொரு டி4 வந்து உட்காரும். மணிகள் பிடித்துவைப்பது இந்த இரண்டாவது கூட்டத்தை. ஆகவே மணியில் ஒளி அதிகமாக இருந்தால் உங்கள் டி4 குறைவு, ஒளி குறைவாக இருந்தால் உங்கள் டி4 அதிகம். கணக்கு தலைகீழ். இங்கேயும் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலை நடந்து ஒளி குறைகிறது. மெஷின் அதை ‘டி4 அதிகம்’ என்று படிக்கிறது.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான், ஒளி குறைந்தது. ஒரு கணக்கில் அது குறைவாகவும், மற்றதில் அதிகமாகவும் மாறுகிறது. டி3-க்கும் இதே கதைதான். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயைக் கண்டுபிடிக்கும் டிஎஸ்எச் ரிசெப்டார் ஆன்டிபாடி டெஸ்ட்டும் சில மெஷின்களில் போட்டி முறையில் நடக்கிறது. அதுவும் பொய்யாகப் ‘பாசிட்டிவ்’ காட்டிவிட்டால் அந்தப் படம் முழுமையாகிவிடும். தைராய்டில் ஒரு குறையும் இல்லாதவருக்கு, தைராய்டு சுரப்பதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எழுதிக்கொடுத்த சீட்டை நானே பார்த்திருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட லேப் டாக்டர், ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டிருக்கவில்லை. லேபில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் நானும் முன்பெல்லாம் கேட்டதில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

இனி உங்கள் மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

முதல் தடவை காலையில் இரண்டு மாத்திரையையும் போட்டுக்கொண்டு, காரிமங்கலத்திலிருந்து கிளம்பித் தருமபுரி போய் ரத்தம் கொடுத்திருப்பீர்கள். பயோட்டின் சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நேரத்தில்தான் ஊசி குத்தியிருப்பார்கள். அன்று உங்கள் நிஜமான டிஎஸ்எச் பழையபடி சரியான அளவில்தான் இருந்திருக்கும். மெஷின் 0.15 என்று சொன்னது.

அதை நம்பி மாத்திரை பாதியானது. பாதி மாத்திரையில் உடம்புக்கு ஹார்மோன் போதவில்லை. பிட்யூட்டரி கட்டளையைக் கூட்ட ஆரம்பித்தது. ஏழாவது வாரம் எடுத்த ரிப்போர்ட்டில்தான் எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. 0.15 ஆக இருந்தது 0.62 ஆனது. பயோட்டின் தடுப்பு அப்படியே இருக்கும்போதே எண் நான்கு மடங்கு கூடியிருக்கிறது என்றால், உள்ளே நிஜமான டிஎஸ்எச்சும் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். காகிதத்தில் அது ‘சாதாரண அளவுக்குள் வந்துவிட்டது’ என்று தெரிந்தது. உங்கள் உடம்போ தைராய்டு போதவில்லை என்று அசதியாகவும் மலச்சிக்கலாகவும் எடையாகவும் சொல்லிக்கொண்டிருந்தது. பொய் எண்ணை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி உண்மை எண்ணைக் கண்டுபிடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. எந்த நேரத்தில் சாப்பிட்டீர்கள், எந்த மெஷின், எந்த கிட் என்பதைப் பொறுத்துத் தடுப்பின் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

கிருஷ்ணகிரிக்குத் தைராய்டு மாத்திரையை மட்டும் எடுத்துப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அதாவது நான்கு நாள் பயோட்டின் இல்லை. அதற்குள் சிறுநீரகம் அதை வெளியேற்றியிருக்கும். அந்த லேபின் மெஷின் பயோட்டின் கொக்கியே இல்லாத வகையாகவும் இருக்கலாம். எது காரணமானாலும் 14.6 என்பதும் 0.8 என்பதும் உங்கள் எடைக்கும், 50 மைக்ரோகிராமுக்கும், நீங்கள் சொல்லும் தொந்தரவுகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன. ஆகவே எந்த லேபும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. தருமபுரி லேபின் மெஷினும் பழுதில்லை. அதற்குக் கொடுத்த ரத்தத்தில்தான் மெஷின் எதிர்பார்க்காத ஒரு பொருள் இருந்தது.

உங்கள் மாத்திரையின் அளவையும் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம். 10 மில்லிகிராம் என்றால் 10,000 மைக்ரோகிராம். முந்நூறு நாளைக்கு மேல் போதுமான அளவு ஒரே மாத்திரையில். நிலக்கடலையிலும் முட்டையிலும் இருப்பதோ, சாதாரண மல்டிவிட்டமினில் 30 மைக்ரோகிராம் அளவில் இருப்பதோ டெஸ்ட்டைக் கெடுக்காது. முடி, தோல், நகம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லி விற்கிற மாத்திரைகளில்தான் 5, 10 மில்லிகிராம் இருக்கிறது. அட்டையில் விட்டமின் பி7 என்றோ விட்டமின் எச் என்றோ போட்டிருந்தாலும் அதே பொருள்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைப்பதால் யாரும் அதை மருந்தாக நினைப்பதில்லை. ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டால்கூட ‘வேறொன்றும் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது?

இன்றே பயோட்டினை நிறுத்துங்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தேவையில்லை. தைராய்டு மாத்திரையை இப்போதைய அளவிலேயே தொடருங்கள். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் பரிந்துரை. உங்களுடைய 10 மில்லிகிராமுக்கு நான் மூன்று முழு நாள் விடச் சொல்வேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது போதாது, அவர்கள் டாக்டரிடம் கேட்டு இன்னும் அதிக நாள் விட வேண்டும். நான்காம் நாள் காலையில், அன்றைய தைராய்டு மாத்திரையைப் போடுவதற்கு முன்பு, ரத்தம் கொடுங்கள். போட்டுவிட்டுக் கொடுத்தால் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சற்றுக் கூடுதலாகத் தெரியும். ரத்தம் எடுத்ததும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த டெஸ்ட்டைப் பழைய தருமபுரி லேபிலேயே எடுப்பது நல்லது. அதே மெஷின், அதே கிட், பயோட்டின் மட்டும் இல்லை. டிஎஸ்எச் 14 பக்கம் வந்தால் விஷயம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாகிவிடும். லேப் பொறுப்பாளரிடம், ‘நான் 10 மில்லிகிராம் பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், உங்கள் டிஎஸ்எச் கிட் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் முறையா, எந்த அளவு வரை தாங்கும்’ என்று கேளுங்கள். கிட்டோடு வரும் தாளில் இது எழுதியிருக்கும். பழைய கிட்கள் சில, ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 25, 30 நானோகிராம் பயோட்டின் இருந்தாலே தடுமாறிவிடும். 10 மில்லிகிராம் மாத்திரை அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். மாற்றி அமைத்த புதிய கிட்களில் 1,200 வரை தாங்குபவை வந்துவிட்டன. ஆகவே எல்லா லேபிலும் இந்தத் தொல்லை வரும் என்றும் நினைக்காதீர்கள்.

அப்புறம் நான்கு ரிப்போர்ட்டையும், பயோட்டின் அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். பழைய 100-க்கு நேரே திரும்புவதா, நடுவில் 75-இல் நிற்பதா என்பதை உங்கள் நாடித்துடிப்பையும் இதயத்தையும் பார்த்து அவர் முடிவு செய்வார். அதை நான் கடிதத்தில் சொல்லக் கூடாது. மாற்றிய பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் அடுத்த டிஎஸ்எச். அதற்கு முன்பு எடுத்தால் பிட்யூட்டரி புது அளவுக்குப் பழகியிருக்காது. அவசரப்பட்டு இரண்டு வாரத்தில் எடுத்துக் குழம்ப வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தைராய்டு குறைவாக இருக்கும் நிலையில் அதற்குத் தனி அவசரம் உண்டு. ரத்தத்தில் பார்க்கும் கர்ப்ப ஹார்மோன் டெஸ்ட்டும் சில மெஷின்களில் பயோட்டினால் குறைவாகக் காட்டக்கூடியதுதான்.

முடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. நம் பக்கத்தில் முடி கொட்டினால் உடனே போர் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வோம். உங்களுக்கு இப்போது அதிகமாகக் கொட்டுவதற்குத் தைராய்டு மாத்திரை பாதியானதே காரணமாக இருக்கலாம். தைராய்டு குறைந்தால் முடி வேர்கள் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிரும். உங்கள் கணக்கும் அதுதான். முடிக்காகச் சாப்பிட்டது ரிப்போர்ட்டைக் கெடுத்து, ரிப்போர்ட் மாத்திரையைக் குறைத்து, குறைந்த மாத்திரை முடியை இன்னும் கொட்ட வைத்திருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் பயோட்டினை விடாமல் சாப்பிட்டிருப்பீர்கள். பயோட்டின் குறைபாடு இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை முடியைக் காப்பாற்றும். ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் குறைபாடு அபூர்வம். ஐந்து மாதத்துக்கு முன்பு முதலில் கொட்ட ஆரம்பித்ததற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமா என்று பார்ப்பது இன்னும் பயன் தரும். நான்காம் நாள் ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃபெரிட்டினும் சில மெஷின்களில் டிஎஸ்எச் மாதிரியே இரண்டு ஆன்டிபாடி முறைதான், பயோட்டின் இருந்தால் குறைத்துக் காட்டும். அதனால் அதே நாளில் எடுப்பது வசதி.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு விஷயம். தைராய்டு டெஸ்ட்டுக்கு மூன்று நாள் காத்திருக்கலாம். நெஞ்சுவலிக்குக் காத்திருக்க முடியாது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்ட்டும் சில மெஷின்களில் இதே கொக்கி முறைதான். மாரடைப்பு இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம். அதிக அளவு பயோட்டின் சாப்பிட்ட ஒருவருக்கு ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டியதையும், அவர் இறந்ததையும் குறிப்பிட்டு, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், நெஞ்சுவலி என்று அழைத்துப் போகும்போது அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இசிஜியோடு சேர்த்துப் பார்க்கவும், தேவைப்பட்டால் வேறு முறையில் ட்ரோபோனின் எடுக்கவும் அவர்களுக்கு அது உதவும்.

உங்கள் நான்காவது ரிப்போர்ட் வந்ததும் அதில் இருக்கும் இரண்டு எண்களையும், எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். டிஎஸ்எச் 14 பக்கம் வராமல் மறுபடியும் குறைவாகவே வந்தால், நான் நினைத்தது தவறு என்று அர்த்தம். அப்போது அதே ரத்தத்தை வேறு முறை மெஷினில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.